அறை சோதனை: தினசரி நடைமுறையும் செக்லிஸ்ட்டும்

நமக்கு மூன்று மாடி, 18 அறை. சுத்தம் செய்ய மூன்று பேர், பார்த்துக் கையெழுத்துப் போட ஷிப்ட் சூப்பர்வைசர். சுத்தம் செய்தவரே தன் அறைக்கு 'ரெடி' போடக் கூடாது. அவர் ஏமாற்றுவார் என்பதற்காக இல்லை. துடைத்த இடம்தான் கண்ணில் படும், விட்ட இடம் படாது.

செக்-அவுட் காலை 11, செக்-இன் மதியம் 1. அன்றே ஆள் வரும் அறைகளை முதலில் பாருங்கள். ஓர் அறைக்கு ஆறேழு நிமிடம் போதும்.

காலி என்று ரிஜிஸ்டரில் இருந்தாலும் கதவைத் தட்டி, "ஹவுஸ்கீப்பிங்" என்று சொல்லி, கொஞ்சம் பொறுத்துத்தான் திறக்க வேண்டும். உள்ளே போனதும் ஏசி, ஃபேன் எதையும் போடாமல் நின்று மோந்து பாருங்கள். இரண்டு நிமிடம் போனால் மூக்கு பழகிவிடும், அப்புறம் எதுவும் தெரியாது. சிகரெட், ஈரம், சாக்கடை என்று எந்த வாடை வந்தாலும் காரணத்தைத் தேடுங்கள். ஸ்ப்ரே அடித்து மறைத்த அறையை நான் ரெடியாக ஏற்கமாட்டேன்.

அடுத்து, கதவிலிருந்து இடப்பக்கமாகச் சுவரை ஒட்டி ஒரு சுற்று, மேலிருந்து கீழாக. அங்கொன்று இங்கொன்றாகப் பார்த்தால் கண்டிப்பாக ஏதாவது விட்டுப்போகும்.

கட்டிலுக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தலைமாட்டில் விரிப்பின் மூலையைத் தூக்கி, டார்ச் அடித்து மெத்தையின் தையல் ஓரத்தைப் பாருங்கள். பேனா முனையால் குத்தியது போலக் கரும்புள்ளி, வெளிர் நிறத்தில் உரிந்த தோல் ஏதாவது தெரிந்தால் அது மூட்டைப்பூச்சியாகத்தான் இருக்கும். தலைமாட்டுப் பலகையின் பின்புறத்தையும் விடாதீர்கள். அப்படித் தெரிந்தால் அந்த அறை யாருக்கும் இல்லை. விரிப்புகளை அறைக்குள்ளேயே பையில் போட்டுக் கட்டுங்கள், டிராலியை உள்ளே கொண்டுபோகாதீர்கள். பக்கத்து அறைகளையும் மேலும் கீழும் உள்ள அறைகளையும் அன்றே பார்த்துவிட வேண்டும்.

கடைசியாகக் கட்டிலில் உட்காருங்கள். விருந்தாளி முதலில் செய்வது அதுதான். நின்றால் தெரியாத மேசையடித் தூசி அங்கிருந்து தெரியும்.

குளியலறையில் ஃப்ளஷை இரண்டு முறை அழுத்துங்கள். முதல் முறை எப்படியும் வேலை செய்யும், தொட்டி மறுபடி நிரம்புகிறதா என்பதுதான் கேள்வி. ஒருமுறை நானே இதை விட்டுவிட்டு, இரவு 11 மணிக்கு ஒரு குடும்பத்தை வேறு அறைக்கு மாற்றினேன். நாலைந்து நாள் பூட்டிக் கிடந்த அறையென்றால் குழாய், ஷவர் எல்லாவற்றையும் சில நிமிடம் ஓடவிடுங்கள். தரை வடிகாலிலும் தண்ணீர் ஊற்றுங்கள். உள்வளைவில் தண்ணீர் வற்றினால் சாக்கடை வாடை மேலே வரும்.

கழிப்பறைக்குச் சிவப்புத் துணி, மற்ற எதற்கும் அது கூடாது. ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், அதில் கிளம்பும் குளோரின் வாயு ஆளையே சாய்த்துவிடும்.

டிக் செய்ய வேண்டியவை:

☐ பூட்டு, உள் தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி
☐ கதவின் பின்னால் அவசர வழி வரைபடம்
☐ எல்லா சுவிட்சும், பிளக் பாயின்ட்டும் (சார்ஜர் செருகிப் பார்த்து)
☐ டிவி, ஏசி ரிமோட் (அழுத்திப் பார்த்து)
☐ ஃபேன் இறக்கை, திரைச்சீலை மேல்விளிம்பு
☐ விரிப்பு, தலையணை உறை: கறை, முடி, கிழிசல்
☐ கட்டிலடி, இழுப்பறை, அலமாரி மேல்தட்டு
☐ கெட்டிலின் உட்புறம், கண்ணாடி டம்ளர்
☐ சுடுதண்ணீர்
☐ வடிகால் ஜாலியில் முடி, கண்ணாடியில் நீர்த்தடம்
☐ துண்டு 2, சோப்பு 2, டாய்லெட் ரோல்
☐ குப்பைக்கூடையில் புதுப் பை

இரண்டு நிமிட வேலை என்றால் சுத்தம் செய்தவரைக் கூப்பிட்டு, காட்டி, அங்கேயே முடியுங்கள். எலக்ட்ரீஷியன், பிளம்பர் வேலையைப் பழுது நோட்டில் எழுதி ரிசப்ஷனுக்கும் சொல்லுங்கள். பூட்டு சரியில்லை, ஷாக் அடிக்கிறது, கூரை ஒழுகுகிறது என்றால் அறையை மூடுங்கள். ஹவுஸ்ஃபுல் நாளானாலும் சரி.

விருந்தாளி விட்டுப்போன பொருளை அறை எண், தேதி, நேரத்தோடு எழுதி ரிசப்ஷனில் கொடுங்கள். நாமாக வீட்டுக்குப் போன் செய்வதில்லை, அவர் இங்கே தங்கியது வீட்டுக்குத் தெரிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கேட்டு வந்தால் அடையாளம் சொல்லச் சொல்லிக் கொடுப்போம்.

ஆள் தங்கியிருக்கும் அறையில் குப்பை, துண்டு, குளியலறை மட்டும். அவர்கள் பெட்டி, காகிதம் எதையும் நகர்த்த வேண்டாம்.

குறிப்பு எழுதும் விதத்துக்கு நேற்றைய பதிவு ஒன்று:

204. மதியம் 12.10. வாடை இல்லை. மெத்தை சரி. ரிமோட் பேட்டரி மாற்றியாச்சு. வடிகாலில் முடி இருந்தது, எடுக்கச் சொல்லி மறுபடி பார்த்தேன். வாஷ்பேசின் குழாய் சொட்டுகிறது, பழுது நோட்டில் எழுதியாச்சு. 12.25 ரெடி.