எச்எம்டி என்எச் 22 லேத் (1989 மாடல்): உதிரிபாகங்கள் இருக்கின்றனவா, எத்தனை நாளில் கிடைக்கும்?

உதிரிபாகப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம் சார். கோவை கணபதியில் சிறிய லேத் பட்டறை நடத்துகிறேன். பம்ப் ஷாஃப்ட், வால்வு ஸ்பிண்டில் வேலைகள்தான் அதிகம். போன வருடம் உங்கள் பிராட்வே கடைக்கு நேரில் வந்து டெயில்ஸ்டாக்குக்கு ஒரு ஸ்லீவ் வாங்கிப் போனேன். அது அளவு சரியாக உட்கார்ந்தது. அந்த நம்பிக்கையில்தான் இப்போது பெரிய வேலைக்கு எழுதுகிறேன்.

மிஷின் எச்எம்டி என்எச் 22, களமசேரியில் செய்தது, சென்டர் உயரம் 220 மி.மீ. பெயர்ப்பலகையில் 1989 என்று இருக்கிறது. பலகையை அருகிலிருந்து எடுத்த படம் இத்துடன் இருக்கிறது. சீரியல் எண் அதில் தெளிவாகத் தெரியும். மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் ஏலத்தில் நான் எடுத்தது. கூட வந்த புத்தகத்தில் பாகங்களின் படப் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. அதனால் பார்ட் நம்பர் சொல்லிக் கேட்க என்னால் முடியவில்லை. படத்தையும் அளவையும் வைத்து நீங்கள்தான் பொருத்திச் சொல்ல வேண்டும்.

முதல் தேவை ஹெட்ஸ்டாக் கிளட்ச் பிளேட்டுகள். கனமான வேலை சக்கில் இருக்கும்போது லீவரைப் போட்டால் ஸ்பிண்டில் தயங்கித்தான் கிளம்புகிறது. ஆழமாக ஒரு கட் கொடுத்தால் நின்றே போகிறது. பெல்ட்டைப் பார்த்தாயிற்று, நன்றாகவே இருக்கிறது. கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட் நட்டையும் இறுக்கி இறுக்கி எல்லைக்கே வந்துவிட்டோம். ஃபார்வர்டு, ரிவர்ஸ் இரண்டு பக்கத்துக்கும் உள் பிளேட், வெளி பிளேட் முழு செட்டாக வேண்டும். எத்தனை என்று எண்ணிச் சொல்ல ஹெட்ஸ்டாக்கை இன்னும் திறக்கவில்லை. திறந்தால் மிஷின் நின்றுவிடும், பாகம் கைக்கு வராமல் அதைச் செய்ய மாட்டேன். இந்த வருட மாடலுக்கு ஒரு செட்டில் எத்தனை வரும் என்று உங்கள் பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள். பழைய என்எச் 22-க்கும் பிற்பாடு வந்ததற்கும் பிளேட்டில் வித்தியாசம் உண்டா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவது ஹாஃப் நட், ஜோடியாக. மரை வெட்டும்போது லீவர் தானாக எழும்பப் பார்க்கிறது. பையன் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் வெட்டுகிறான். இதில் எனக்கு ஒரு சந்தேகம். நாங்கள் குட்டையான வேலைதான் அதிகம் செய்கிறோம் என்பதால் லீட் ஸ்க்ரூ சக் பக்கத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறது. டெயில்ஸ்டாக் பக்கத்து மரையோடு ஒப்பிட்டால் சக் பக்கத்து மரை மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. இந்த ஸ்க்ரூவில் புது ஹாஃப் நட்டைப் போட்டால் அது எத்தனை நாள் தாங்கும்? லீட் ஸ்க்ரூவுக்கும் விலையும் நாளும் சேர்த்தே சொல்லுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றுவதா, இல்லை நட்டை மட்டும் போட்டு இன்னும் ஒரு வருடம் ஓட்டுவதா என்று விலையைப் பார்த்து முடிவு செய்கிறேன். ஸ்க்ரூ நீளமான பொருள். லாரி பார்சலில் வளையாமல் வர மரப்பெட்டி கட்டித் தருவீர்களா? அதன் கூலியையும் தனியாகக் காட்டிவிடுங்கள்.

மூன்றாவது கிராஸ் ஸ்லைடு ஸ்க்ரூவும் நட்டும். டயல் வைத்துப் பார்த்ததில் பேக்லாஷ் 0.6 மி.மீ. காட்டுகிறது. இது அவசரம் இல்லை. ஆனால் மிஷினைப் பிரிக்கிற கையோடு இதையும் முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். ஹெட்ஸ்டாக் ஆயில் சீல்களும் ஆயில் பார்க்கும் கண்ணாடியும் உங்களிடம் இருந்தால் பில்லில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி நாள் விஷயம். தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போகும்போது பட்டறைக்கு ஆறு நாள் விடுமுறை. அந்த ஆறு நாளில்தான் மிஷினைப் பிரித்து மாட்ட ஃபிட்டரிடம் பேசி வைத்திருக்கிறேன். அவர் அந்த வாரத்தை விட்டால் பொங்கல்வரை கிடைக்க மாட்டார். ஆகவே தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே எல்லாம் என் மேஜையில் இருக்க வேண்டும். வந்ததை அளந்து பார்த்து, தவறாக இருந்தால் திருப்பி அனுப்ப அந்த இரண்டு வாரம் எனக்குத் தேவை.

அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள்: இப்போதே உங்கள் ஷெல்ஃபில் இருக்கிறதா, கம்பெனியில் சொல்லி வரவழைக்க வேண்டுமா, அல்லது ஆர்டர் வந்த பிறகுதான் செய்வார்களா? நாள் கணக்கு நான் ஆர்டர் அனுப்பிய தேதியிலிருந்தா, முன்பணம் உங்கள் கணக்கில் ஏறிய தேதியிலிருந்தா என்பதையும் எழுதிவிடுங்கள். முன்பு வேறொரு இடத்தில் வேறொரு மிஷினுக்கு ‘இரண்டு வாரம் சார்’ என்றார்கள். பணம் கட்டிய பிறகுதான் பாகம் இன்னும் வார்ப்புக்கே போகவில்லை என்று தெரிந்தது. முழுதாக மூன்று மாதம் ஆயிற்று. எட்டு வாரம் ஆகும் என்றால் எட்டு வாரம் என்றே சொல்லுங்கள், அதற்குத் தகுந்தபடி நான் ஏற்பாடு செய்துகொள்வேன். நான்கு என்று சொல்லிவிட்டு எட்டு வாரம் ஆவதுதான் கஷ்டம்.

ஒரிஜினல் இல்லாமல் வெளியில் செய்த பாகம் என்றால் அதையும் மறைக்க வேண்டாம். கிராஸ் ஸ்லைடு நட்டுக்கு அது எனக்குச் சம்மதம். ஹாஃப் நட்டையும் கன்மெட்டலில் வார்த்து மரை போட இங்கே கோவையிலேயே ஆள் இருக்கிறார்கள்; உங்கள் நாள் ஆறு வாரத்தைத் தாண்டினால் அந்த வழிக்குத்தான் போவேன். கிளட்ச் பிளேட்டில் மட்டும் நான் சமரசம் செய்ய மாட்டேன். அது ஒரிஜினலாக வேண்டும், அல்லது நீங்களே வேறு பட்டறைக்குக் கொடுத்து ஒரு வருடமாவது நன்றாக ஓடியதாக இருக்க வேண்டும்.

விலையை ஜிஎஸ்டி தனியாகக் காட்டி அனுப்புங்கள். அந்த விலை எத்தனை நாள் நிற்கும், முன்பணம் எவ்வளவு, அளவு பொருந்தாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? திருப்பும்போது லாரி வாடகை யார் தலையில் என்பதையும் இப்போதே பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது. எல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்காவிட்டால் கிளட்ச் செட்டை முதலில் அனுப்புங்கள், மற்றவை பின்னால் வரட்டும்.

இன்னொன்று. இந்த மாடலுக்கு இனி வராது என்று கம்பெனி சொல்லிவிட்ட பாகம் ஏதாவது இருந்தால் காதில் போட்டு வையுங்கள். ஏப்ரன் பக்கத்து வார்ம், கியர் எல்லாம் இப்போது நன்றாக இருக்கின்றன; ஆனாலும் கடைசி ஒன்றிரண்டு உங்கள் ஷெல்ஃபில் கிடந்தால் வாங்கி எண்ணெய் தடவி எடுத்து வைத்துக்கொள்வேன். படுக்கை தேயாத மிஷின் சார் இது, விட மனசில்லை.

பெயர்ப்பலகை, லீட் ஸ்க்ரூவின் இரண்டு முனைகள், ஹாஃப் நட், கிராஸ் ஸ்லைடு நட் என ஐந்து படங்கள் இணைத்திருக்கிறேன். வேறு அளவு ஏதும் வேண்டுமென்றால் உங்களிடம் இருக்கும் என் வாட்ஸ்அப் எண்ணுக்கே கேளுங்கள், அன்றைக்கே எடுத்து அனுப்புகிறேன். பகலில் மிஷின் சத்தத்தில் போன் அடித்தால் கேட்காது, மாலை ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். இந்த வாரக் கடைசிக்குள் பதில் வந்தால் திங்கட்கிழமையே கிளட்ச் செட்டுக்கு ஆர்டர் போட்டுவிடுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
முருகேசன்
லேத் பட்டறை, கணபதி, கோயம்புத்தூர்