வங்கிக் கணக்கு மாற்ற அறிவிப்பு: திருத்திய வடிவம்

அன்புள்ள கவிதா,

வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப நீங்கள் எழுதித் தந்த அறிவிப்பைத் திருத்திக் கீழே கொடுத்திருக்கிறேன். "நிர்வாக வசதியைக் கருத்தில் கொண்டு" என்று தொடங்கிய முதல் இரண்டு பத்திகளை எடுத்துவிட்டேன். பணம் அனுப்புகிறவர் தெரிந்துகொள்ள விரும்புவது மூன்றுதான்: எந்தக் கணக்கு, எந்தத் தேதியிலிருந்து, இது உண்மையா. மூன்றாவது கேள்விக்கு உங்கள் வரைவில் ஒரே வரிதான் இருந்தது: "சந்தேகம் இருப்பின் கீழ்க்கண்ட எண்ணில் அழைக்கவும்." அந்த எண்ணை இந்தக் கடிதத்தில் கொடுக்கவே கூடாது. நம் பெயரில் ஒரு மோசடிக்காரன் கடிதம் எழுதினால் அவனும் இதே வரியை எழுதி, தன் எண்ணைப் போடுவான். அழைப்பவரிடம் மரியாதையாகப் பேசி, "ஆமாம், சரிதான்" என்பான்.

வாடிக்கையாளரின் கடைசி பில் எண்ணை அடையாளமாகக் குறிப்பிட்டிருந்ததையும் நீக்கிவிட்டேன். யாருடைய மின்னஞ்சல் பெட்டிக்குள்ளாவது நுழைந்தவனுக்கு அந்த எண்ணும் தெரியும், தொகையும் தெரியும், நாம் வணக்கம் சொல்லும் விதம்கூடத் தெரியும். "உடனடியாக" என்ற சொல் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் அடித்திருக்கிறேன். அவசரப்படுத்துவது மோசடிக்காரர்கள் வேலை, நம் வேலை அல்ல.

கணக்கின் பெயர் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. 2013-க்கும் 2015-க்கும் இடையில் கூகுளும் ஃபேஸ்புக்கும் 10 கோடி டாலருக்கு மேல் ஒரு மோசடிக்காரரின் கணக்குகளுக்கு அனுப்பின. அந்த நிறுவனங்களோடு வணிகம் செய்துவந்தது தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர். மோசடிக்காரர் அதே பெயரில் லாட்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, அதன் பெயரிலேயே வங்கிக் கணக்குகளைத் திறந்து வைத்திருந்தார். பெயர் பொருந்தத்தான் செய்தது.

அறிவிப்பு போவதற்கு முன்பே வரவேற்பில் இருப்பவர்களுக்கும் கணக்குப் பிரிவில் எல்லாருக்கும் இதன் நகல் போய்ச் சேர வேண்டும். சரிபார்க்க அழைத்தவரிடம் "எனக்கு ஒன்றும் தெரியாதே" என்று நம்மவர் ஒருவர் சொன்னால் முழு ஏற்பாடும் அங்கேயே குலைந்துவிடும்.

திருத்திய அறிவிப்பு இதோ:

2026 ஜனவரி 12

பொருள்: எங்கள் வங்கிக் கணக்கு மாறுகிறது. சரிபார்த்த பிறகே பதிவு செய்யுங்கள்.

மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு,

2026 மார்ச் 2 முதல் எங்களுக்குச் சேர வேண்டிய தொகைகளை வேறொரு கணக்கில் பெறவிருக்கிறோம். இப்போதைய கணக்கின் கடைசி நான்கு இலக்கங்கள் 4417. புதிய கணக்கின் கடைசி நான்கு இலக்கங்கள் 0862. கணக்கு வைத்திருப்பவரின் பெயர் மாறவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள எங்கள் நிறுவனப் பெயரே தொடர்கிறது.

புதிய கணக்கின் முழு எண்ணை இந்தக் கடிதத்தில் வேண்டுமென்றேதான் தரவில்லை. இந்தக் கடிதத்தை மட்டும் நம்பி உங்கள் பதிவேட்டில் எதையும் மாற்ற வேண்டாம். பில்லைச் செலுத்துகிறவர்களை ஏமாற்ற, கணக்கு எண் மாறிவிட்டது என்று போலியாக எழுதுவது வழக்கமான வழி. எங்கள் முகவரியைப் போலவே தோன்றும், ஓர் எழுத்து மட்டும் வேறுபட்ட முகவரியிலிருந்து அப்படிப்பட்ட கடிதம் வரலாம். எங்கள் உண்மையான முகவரியிலிருந்தே வந்ததுபோலவும் காட்ட முடியும். ஆகவே அனுப்புநர் முகவரி சரியாக இருப்பதை மட்டும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்.

முதலில் எங்களைத் தொலைபேசியில் அழையுங்கள். எண்ணை உங்களிடம் உள்ள கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலிருந்தோ, நீங்கள் முன்பே பேசிப் பழகிய எண்களிலிருந்தோ எடுங்கள். இந்தக் கடிதத்தில் தொலைபேசி எண்ணும் இல்லை, இணைப்பும் இல்லை. இதே வாசகத்தோடு ஓர் எண்ணோ இணைப்போ சேர்த்து உங்களுக்கு வந்திருந்தால் அது எங்களுடையது அல்ல. நாங்களே உங்களை அழைத்துப் புதிய எண்ணைச் சொல்ல மாட்டோம். அப்படி யாராவது அழைத்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, மேலே சொன்னபடி நீங்களே அழையுங்கள்.

அழைத்ததும் கணக்குப் பிரிவைக் கேளுங்கள். எங்கள் ஊழியர் முழு எண்ணையும் இலக்கம் இலக்கமாகப் படிப்பார். எழுதிக்கொண்டு, அதை அவரிடம் திரும்பப் படித்துக் காட்டுங்கள். கடைசி நான்கு இலக்கங்கள் 0862 என்று முடிகின்றனவா என்று பாருங்கள். முடியாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். யாரிடம், எந்த நாளில், எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் பதிவு செய்து, இன்னொருவர் ஒப்புதல் தருவது நல்லது.

பிறகு புதிய கணக்குக்கு ஒரு சிறிய தொகையை அனுப்புங்கள். முழு ரூபாயாக இல்லாமல் சில்லறையோடு கூடியதாக இருக்கட்டும். எவ்வளவு அனுப்பினீர்கள் என்று எங்களிடம் சொல்லாதீர்கள். மீண்டும் அதே எண்ணில் அழைத்து, எவ்வளவு வந்திருக்கிறது என்று எங்களைக் கேளுங்கள். நாங்கள் சொல்லும் தொகை சில்லறை வரை பொருந்தினால் மட்டுமே பில் தொகையை அனுப்புங்கள். "பணம் கிடைத்தது" என்று வரும் மின்னஞ்சலை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அனுப்பிய சிறு தொகையை உங்கள் அடுத்த பில்லில் கழித்துக்கொள்வோம்.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும் என்று அறிவோம். பழைய கணக்கு 2026 மே 29 வரை திறந்திருக்கும். அதுவரை அதில் செலுத்தும் எந்தத் தொகையும் முறையாக வரவு வைக்கப்படும். சரிபார்ப்பு முடியாததால் தவணை தள்ளிப்போனால் தாமதக் கட்டணம் கேட்க மாட்டோம். வழங்கலையும் நிறுத்த மாட்டோம்.

மார்ச் 2 முதல் எங்கள் பில்களில் புதிய எண் அச்சாகும். முதல் பில் வந்ததும், தொலைபேசியில் கேட்டு எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் பில்லில் உள்ளதை நம்ப வேண்டாம்; அழைத்துச் சொல்லுங்கள்.

கணக்கு மாற்றம் குறித்து நாங்கள் அனுப்புவது இந்த ஓர் அறிவிப்பு மட்டுமே. இதற்குத் திருத்தம் அனுப்ப மாட்டோம். "முந்தைய கடிதத்தில் எண் தவறிவிட்டது", "அந்தக் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, தற்காலிகமாக இதில் செலுத்துங்கள்" என்று எது வந்தாலும் அது போலி. அதற்குப் பதில் எழுதாமல், அழிக்காமல் வைத்திருந்து எங்களுக்குத் தெரிவியுங்கள்.

தவறான கணக்குக்குப் பணம் போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால் எங்களை அழைப்பதற்கு முன் உங்கள் வங்கியை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்திவைக்க வழி இருக்கும். காவல்துறையில் புகார் அளிக்கும்போது எங்கள் பதிவுகள் தேவைப்பட்டால் தருவோம்.

இப்படிக்கு,
மேலாளர், கணக்குப் பிரிவு