பெட்டி 29 கிலோ, பயப்படாதேங்கோ

ஸ்காபரோ, கனடா,
12.10.2024

அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் தங்கச்சியும் சுகமாய் இருக்க நல்லூரானை வேண்டுறன்.

பெட்டியை நேற்று கப்பல் கொம்பனியிலை குடுத்திட்டன். துண்டைப் படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினதும், “64 கிலோவாம், அப்பா எப்பிடித் தூக்கிறது” எண்டு நீங்கள் கேட்டதாய்ச் சொன்னாள். அது கிலோ இல்லை அம்மா, இறாத்தல். இங்கை சட்டத்துக்குக் கிலோதான், ஆனால் இறைச்சிக் கடையிலையும் மரக்கறிக் கடையிலையும் இறாத்தல் விலையைத்தான் பெரிசாய்ப் போடுவாங்கள். கொம்பனித் தராசும் அப்பிடித்தான்.

ஒரு இறாத்தல் 453.6 கிராம். அப்பாவுக்கு லேசாய்ச் சொல்லுறதெண்டால், 22 இறாத்தல் 10 கிலோ. அப்ப 44 இறாத்தல் 20 கிலோ, மிச்சம் 20 இறாத்தல் 9 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. மொத்தம் 29 கிலோ.

வீட்டிலையும் நிறுத்துப் பாத்தனான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தராசிலை ஏற 231, வெறும் ஆள் 167. கழிச்சால் அதே 64 தான். அம்மா, 167 எண்டால் கிட்டத்தட்ட 76 கிலோ. நான் மெலிஞ்சு போனன் எண்ட கதையை இனி விடுங்கோ.

பெட்டி வந்தால் உடனை கையெழுத்து வைக்காதேங்கோ. சங்கக்கடைத் தராசை முதலே கேட்டு வையுங்கோ, வான்காரன் நிக்கேக்கையே நிறுங்கோ. அரைக்கிலோ முன்பின் வந்தால் பரவாயில்லை, தராசுக்குத் தராசு வித்தியாசம் இருக்கும். 27 கிலோவுக்குக் கீழை காட்டினால் எனக்குப் போன் எடுங்கோ, நேரத்தைப் பாக்காதேங்கோ. மூலையெல்லாம் நீல ரேப் ஒட்டி, அதுக்கு மேலை என்ர கையெழுத்து வைச்சிருக்கிறன். அதையும் பாருங்கோ.

உள்ளுக்கை சொக்லேற் மட்டும் 11 இறாத்தல், 5 கிலோ. எல்லாத்தையும் ஒரே நாளிலை ஊருக்குப் பங்கு வைக்காதேங்கோ அம்மா. போர்வை ரெண்டு, அப்பாவின்ர சப்பாத்து, தங்கச்சியின்ர பை எல்லாம் இருக்கு. கால்வலி எண்ணெய்ப் போத்தல் துவாய்க்குள்ளை சுத்திக் கிடக்கு, உதறி எடுக்காதேங்கோ.

தைப்பொங்கலுக்கு முன்னம் வரும் எண்டு சொல்லியிருக்கினம். இதுக்குக் காசு பெட்டி அளவுக்குத்தான், நிறைக்கில்லை. அதாலைதான் இடைவெளி விடாமல் அடைஞ்சனான். அங்கை ஒருத்தருக்கும் ஒரு சதமும் குடுக்கத் தேவையில்லை, வீட்டு வாசல் வரைக்கும் இங்கையே கட்டியாச்சு.

29 கிலோ எண்டாலும் அப்பா தனியத் தூக்கக் கூடாது. ஒப்பரேசன் செய்த வயிறு. பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிடுங்கோ, அவனுக்கும் ஒரு சேட் வைச்சிருக்கிறன்.

இப்படிக்கு,
அன்பு மகன்
குமரன்