ஜூலை 18 செயலமர்வுக்கு வளவாளராக வர அழைப்பு

திருகோணமலை
08.06.2026

அன்புள்ள ரீச்சர்,

வணக்கம். உவர்மலையில் எங்கள் வாசகர் வட்டம் ஒரு நாள் செயலமர்வு ஒன்றை நடத்த இருக்கிறது: ‘வீட்டிலுள்ள பழைய படங்களையும் பத்திரங்களையும் காப்பாற்றுவது எப்படி?’ நீங்கள்தான் வந்து நடத்தித்தர வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எழுதும் பொறுப்பு உங்கள் பழைய மாணவியான என் தலையில் விழுந்தது.

இந்த யோசனை வந்ததே ஒரு பிழையால்தான். எங்கள் உறுப்பினர் ஒருவர், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று பாட்டனாரின் காணி உறுதியை லமினேட் செய்துவிட்டார். இப்போது அதைப் பிரிக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் மனமில்லை. என் வீட்டிலும் அம்மம்மாவின் கலியாணப் படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போய், ஓரம் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. இந்த உப்புக்காற்றில் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் இதே கதைதான். சுனாமிக்கும் இடப்பெயர்வுகளுக்கும் தப்பியதே கொஞ்சம். அதையும் நாங்களே கெடுத்துவிடக் கூடாது.

ஆகவே விரிவுரை குறைவாகவும் கைவேலை அதிகமாகவும் இருந்தால் நல்லது. ஒட்டிய படத்தை இழுக்காமல் கண்ணாடியோடேயே படமெடுப்பது, ஸ்கேன் செய்து பெயரிட்டு இரண்டு இடங்களில் சேமிப்பது, படத்தின் பின்பக்கக் குறிப்பையும் தவறாமல் பதிவது, இவை மூன்றும் கட்டாயம் வேண்டும். மிச்சம் உங்கள் விருப்பம்.

நாள் ஜூலை 18, சனிக்கிழமை. காலை 9 மணி முதல் பின்னேரம் 3.30 வரை. 25 பேர் வருவார்கள், பாதிப்பேர் ஓய்வுபெற்றவர்கள். புரொஜெக்டர், ஸ்கேனர் இரண்டும் உண்டு, மடிக்கணினியை மட்டும் கொண்டு வாருங்கள். மண்டபத்தில் ஜெனரேட்டர் இல்லை. கச்சான் காற்றுக் காலம் என்பதால் ஜன்னலைத் திறந்தால் தாள் பறக்கும், மூடினால் வேர்க்கும். மேசையில் வைக்கப் பாரக்கற்கள் பொறுக்கி வைத்திருக்கிறோம்!

மதிப்பூதியம் 25,000 ரூபாய். உங்கள் அனுபவத்துக்கு இது போதாது என்பது தெரியும், எங்கள் கையிருப்பு அவ்வளவுதான். அன்றே காசாகத் தந்துவிடுவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்துபோகும் பஸ் செலவு இதில் சேராது, தனியாகத் தருகிறோம். வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வருவது நீண்ட பயணம் என்பதால் வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள். பஸ் நிலையத்தில் நானே நிற்பேன். இரண்டு இரவும் எங்கள் வீட்டில் தங்கலாம். தனி அறை வேண்டுமென்றால் உப்புவெளியில் விடுதி பார்த்து வைக்கிறேன், அந்தச் செலவும் எங்களுடையது.

ஒன்று மட்டும் யோசிக்கிறேன். ஆடிப்பிறப்பும் அந்தக் கிழமைதான். வீட்டில் கூழ் காய்ச்சும் நாளில் உங்களை இழுக்கிறோமோ தெரியவில்லை. இடைஞ்சல் என்றால் ஜூலை 25க்கு மாற்றலாம், கூச்சப்படாமல் சொல்லுங்கள். வருவதானால் அம்மா கூழும் கொழுக்கட்டையும் செய்து வைப்பார்.

மண்டபத்துக்கு முற்பணம் கட்ட வேண்டும், அதனால் ஜூன் 20க்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். கையேடு ஏதும் இருந்தால் ஜூலை 10க்குள் அனுப்புங்கள், அச்சடித்து வைக்கிறோம். அன்றைய பேச்சை ஒலிப்பதிவு செய்ய உங்களுக்குச் சம்மதமா என்பதையும் எழுதுங்கள்.

அந்த லமினேட் உறுதியையும் மேசையில் வைப்போம். பார்த்தவுடன் ஏச வேண்டாம், அவர் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்.

அன்புடன்,
செயலாளர்
வாசகர் வட்டம், உவர்மலை