முடிவுப் பதிவு: இரைப்பைக் குடல் இரத்தக்கசிவுக்குப் பின் இரத்த உறைவுத் தடுப்பு மருந்து

பதிவு நாள்: 11 மார்ச் 2025. எழுதியவர்: பொறுப்புப் பொது மருத்துவர்.
ஆதாரம்: மார்ச் 3 முதல் 11 வரை இதயம், சிறுநீரகம், குடல் மருத்துவர்களிடையே சென்ற 23 மின்னஞ்சல்கள். இனி இந்தப் பதிவையே பின்பற்றவும்; அஞ்சல்களில் உள்ள பழைய அளவுகளை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நோயாளி: 67 வயதுப் பெண். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சர்க்கரை, இரத்த அழுத்தம், நாள்பட்ட சிறுநீரக நோய். 2021இல் ஸ்டென்ட். அபிக்சபான் 5 மி.கி. இருவேளையும் ஆஸ்பிரினும் எடுத்துவந்தார். மூட்டுவலிக்கு மூன்று வாரமாக டைக்ளோஃபெனாக்கைக் கடையில் வாங்கி விழுங்கியது மார்ச் 5 அன்று மகள் சொல்லித்தான் தெரிந்தது.

மார்ச் 3: கருமலம், ஹீமோகுளோபின் 7.2. அபிக்சபான், ஆஸ்பிரின் நிறுத்தம். இரண்டு யூனிட் இரத்தம்.

மார்ச் 4: எண்டோஸ்கோபியில் முன்சிறுகுடல் புண், கிளிப் போடப்பட்டது. பான்டோபிரசோல் தொடக்கம். ஹெலிகோபாக்டர் உள்ளது.

மார்ச் 7: அபிக்சபானை மீண்டும் தொடங்க மூவரும் சம்மதம். பக்கவாத அபாய மதிப்பெண் 5 என்பதால் நிரந்தரமாக நிறுத்த யாரும் சொல்லவில்லை. கிளிப் போட்டு ஒரு வாரம் கழியட்டும் என்றார் குடல் மருத்துவர். நாள் மார்ச் 12.

மார்ச் 9: அளவில்தான் இழுபறி. இதய மருத்துவர் 5 மி.கி. என எழுதியது 2024 ஜூலைக் குறிப்பிலிருந்த 61 கிலோவை நம்பி. சிறுநீரக மருத்துவர் கேட்டதும் வார்டில் எடை பார்த்தபோது 54.2. எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல், வயது 80 அல்லது அதற்கு மேல்: மூன்றில் இரண்டு பொருந்தினால் பாதி அளவு. இவருக்குக் கிரியாட்டினின் 2.1. முடிவு: 2.5 மி.கி. இருவேளை. வீட்டில் எடுத்த அளவே இவருக்கு அதிகமாக இருந்திருக்கலாம். டிஸ்சார்ஜ் தாளிலும் இது இருக்க வேண்டும்.

மார்ச் 10: ஆஸ்பிரின் வேண்டாம் (இதய மருத்துவர்). ஸ்டென்ட் வைத்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டது, அபிக்சபான் மட்டும் போதும். வலிக்குப் பாராசிட்டமால். ஹீமோகுளோபின் 9.1.

தீராதவை:

ஹெலிகோபாக்டருக்கு எந்தச் சிகிச்சை? கிளாரித்ரோமைசின் அபிக்சபானின் அளவை இரத்தத்தில் ஏற்றும் என்கிறார் இதய மருத்துவர். பிஸ்மத், டெட்ராசைக்ளின் இரண்டையும் சிறுநீரக மருத்துவர் மறுக்கிறார். இருவர் சொல்வதும் சரி. மாற்று என்ன என்று குடல் மருத்துவர் மார்ச் 18க்குள் எழுத வேண்டும். அதுவரை பான்டோபிரசோல் தொடரும். சிகிச்சை சில நாள் தள்ளிப்போவதால் ஆபத்தில்லை.

மீண்டும் கசிந்தால் இடது ஏட்ரியச் செவியை அடைக்கும் கருவி வைப்பதா? மார்ச் 8 அஞ்சலில் ஒரு வரியாக வந்தது, யாரும் பதில் சொல்லவில்லை. இதய மருத்துவர் கருத்துத் தேவை.

எட்டு மாதத்தில் ஏழு கிலோ ஏன் குறைந்தது? 23 அஞ்சல்களில் அளவைத் திருத்தத்தான் எடையைப் பேசினோம், காரணத்தை ஒருவரும் கேட்கவில்லை. இதை நான் எடுத்துக்கொள்கிறேன். மார்ச் 13 காலை மகளிடம் சாப்பாடு, பசி பற்றி விசாரிப்பேன்.

மார்ச் 14, 19: ஹீமோகுளோபின், கிரியாட்டினின்.