நீ போவதற்கு முன்

நண்பா,

நேற்று இரவு 11.40-க்கு என் போனில் ஒரு அலர்ட் வந்தது. புரொடக்‌ஷன் சர்வரின் அனுமதிப் பட்டியலில் இருந்து ஒரு சாவி நீக்கப்பட்டது என்று. யாருடையது என்று பார்த்தேன். உன்னுடையது. நீக்கியதும் நீயேதான். வெள்ளிக்கிழமை வரை அனுமதி இருக்கட்டும், அவசரமே இல்லை என்று சொல்லியிருந்தேன். நீ காத்திருக்கவில்லை. நீ போவதாகச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. ஆனாலும் அந்த ஒற்றை வரியைப் படித்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை மாலை எல்லாரும் பேசுவார்கள். நானும் பேசுவேன். ஆனால் நாற்பது பேர் முன்னால் நின்று சொல்ல வராத சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றை எழுதித் தந்துவிடுகிறேன்.

முதலில் ஒரு மன்னிப்பு. நீ என்னிடம் வந்து, "நான் விலகிக்கலாம்னு இருக்கேன்" என்று சொன்ன அன்று நான் கேட்ட முதல் கேள்வி உன் பங்குகளைப் பற்றி. இரண்டாவது கேள்வி, முதலீட்டாளர்களிடம் எப்போது சொல்வது என்பது. ஏன் என்று கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நீ பொறுமையாக இரண்டுக்கும் பதில் சொன்னாய். அப்புறம் எழுந்து போய்விட்டாய். அந்தக் கால் மணி நேரத்தைத் திரும்பப் பெற முடியுமென்றால் எதையும் கொடுப்பேன். பயந்துபோயிருந்தேன், அதுதான் உண்மை. நீ இல்லாமல் இதை நடத்த முடியுமா என்ற பயம் எனக்கு வந்ததும், உனக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது கண்ணில் படவில்லை. ஒரு வருடமாக நீ ஒரு வரி கோட்கூட எழுதவில்லை, காலையில் இருந்து இரவு வரை மீட்டிங்கிலேயே உட்கார்ந்திருந்தாய் என்பதை மறுவாரம் நீயாகச் சொன்ன பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். அந்த மீட்டிங்குகளில் பாதியைப் போட்டதே நான்தான்.

2019-இல் நாம் இந்த மென்பொருள் கம்பெனியைத் தொடங்கியபோது நமக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: சின்ன மருந்துக்கடைகளில் காலாவதியான மருந்து அலமாரியிலேயே கிடந்து வீணாகிறது, சில நேரம் கவனிக்காமல் விற்பனைக்கும் போய்விடுகிறது. முதலில் வந்ததை முதலில் விற்பது என்பது எல்லாக் கடைக்காரருக்கும் பழக்கம்தான். மருந்துக்கு அது போதாது. முதலில் காலாவதியாவது எதுவோ அதுதான் முதலில் வெளியே போக வேண்டும். நேற்று வந்த பெட்டி, போன மாதம் வந்ததைவிட முன்பே காலாவதியாகலாம். இதை நீ எனக்கு இரண்டு தீப்பெட்டிகளை மேசையில் மாற்றி மாற்றி வைத்து விளக்கினாய். அந்த விளக்கத்தைத்தான் ஆறு வருடமாக ஒவ்வொரு கடையிலும் நான் சொல்லி விற்றுக்கொண்டிருக்கிறேன். தீப்பெட்டிக்குப் பதிலாக மாத்திரை அட்டை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் 2020 பிப்ரவரி 29.

மருந்து அட்டையில் பெரும்பாலும் மாதமும் வருடமும்தான் இருக்கும், தேதி இருக்காது. அந்த மாதத்தின் கடைசி நாள் வரை விற்கலாம் என்று பொருள். அந்தச் சனிக்கிழமை காலை கடைகளில் இருந்து வரிசையாக போன். 02/2020 என்று அச்சடித்த எல்லா மருந்தையும் நம் மென்பொருள் பில் போட விடாமல் தடுத்துவிட்டது. நம்மைப் பொறுத்தவரை பிப்ரவரி முந்தைய நாளே முடிந்துவிட்டிருந்தது. மாதத்துக்கு எத்தனை நாள் என்ற பட்டியலில் நீ 28 என்று எழுதி வைத்திருந்தாய், லீப் வருடத்தை மறந்துவிட்டாய்.

திருத்த உனக்கு இருபது நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு நீ செய்ததைத்தான் நான் மறக்கவே இல்லை. என்னிடம் இருந்து கடைகளின் பட்டியலை வாங்கினாய். அப்போது நம்மிடம் இருந்ததே பதினேழு கடைகள். பதினேழு பேரையும் நீயே கூப்பிட்டு, "தவறு என்னுடையது, நான்தான் எழுதினேன், சரி செய்துவிட்டேன், இனி வராது" என்று சொன்னாய். சர்வர் பிரச்சினை என்று சொல்லிவிடலாமே என்றேன் நான். வாடிக்கையாளர்களிடம் பேசுவது என் வேலை, அதில் எனக்கு அனுபவம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். நீ தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினாய். அந்தப் பதினேழில் ஒரு கடைகூட நம்மை விட்டுப் போகவில்லை. இரண்டு வாரத்தில் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஒவ்வொன்றாக எல்லாம் மூடியபோதும் மருந்துக்கடைகள் திறந்திருந்தன. புதிதாக நம்மைத் தேடி வந்தவர்களில் பலர் அந்தப் பதினேழு பேர் சொல்லி வந்தவர்கள். நம் கம்பெனி எங்கே தொடங்கியது என்று யாராவது கேட்டால், அந்தச் சனிக்கிழமையைத்தான் நான் மனதில் நினைப்பேன்.

அன்று மாலை நீ எழுதிய டெஸ்ட் இன்னும் அப்படியே இருக்கிறது. இதை எழுத உட்காரும் முன் திறந்து பார்த்தேன்.

```
assert last_day(2020, 2) == 29
assert last_day(2021, 2) == 28
assert last_day(2100, 2) == 28
```

மூன்றாவது வரி எதற்கு என்று அன்று கேட்டேன். நான்கால் வகுபட்டாலும் 2100 லீப் வருடம் இல்லை என்றாய். அது சரி, 2100-இல் இதை யார் ஓட்டப் போகிறார்கள் என்றேன். "நாம இருக்க மாட்டோம். கடை இருக்கும்ல?" என்றாய், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பங்கு விஷயத்திலும் நீ அப்படித்தான் யோசித்திருக்கிறாய். பாதிப் பாதி என்று பேசி முடித்த பிறகு, அதை உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம், நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரட்டும், முதல் வருடம் முடிவதற்குள் விலகினால் ஒன்றும் கிடையாது என்று வெஸ்டிங் போட வைத்தது நீ. எனக்கு அப்போது மனது கஷ்டமாக இருந்தது. என்னை நம்பவில்லையா என்றுகூடக் கேட்டேன். "ஒருத்தர் போக வேண்டி வந்தா, இருக்கிறவர் மாட்டிக்கக் கூடாது, அதுக்குத்தான்" என்றாய். இன்று மாட்டிக்கொள்ளாமல் இருப்பது நான். உன் பங்கு முழுவதும் 2023-லேயே உன்னுடையதாகிவிட்டது. நீ அதை உழைத்துச் சேர்த்தவன். யாரும் கேள்வி கேட்க ஒன்றுமில்லை, எந்தக் கசப்பும் இல்லாமல் கையெழுத்துப் போட முடிந்தது. நான் அவமானம் என்று நினைத்த அந்தத் தாள்தான் இன்று நம் நட்பைக் காப்பாற்றியிருக்கிறது.

சண்டையைப் பற்றியும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் இது பொய்க் கடிதம் ஆகிவிடும்.

2022-இல் அந்தப் பெரிய மருந்துக்கடைச் சங்கிலி வந்தது உனக்கு நினைவிருக்கும். நூற்றுக்கும் மேல் கிளைகள். அவர்கள் கேட்டது ஒரு சின்ன மாற்றம்: ஏற்கனவே பதிவு செய்த காலாவதித் தேதியை, பழைய தேதி எங்கும் பதிவாகாமல் மாற்ற ஒரு வழி. தட்டச்சுப் பிழையைத் திருத்தத்தான் என்றார்கள். திருத்த வழி ஏற்கனவே இருந்தது. ஆனால் யார் மாற்றினார், எப்போது, முன்பு என்ன இருந்தது என்பதை மென்பொருள் எழுதி வைத்துக்கொள்ளும். அது வேண்டாம் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. நீ முடியாது என்றாய். அன்று நான் உன்னிடம் பேசிய பேச்சு... வங்கியில் ஐந்து மாதத்துக்குத்தான் பணம் இருந்தது, அந்த ஒப்பந்தம் கையை விட்டுப் போவதை என்னால் தாங்க முடியவில்லை. உனக்கு வியாபாரம் தெரியாது என்றேன். சுத்தமாக இருப்பது சுலபம், சம்பளம் போட வேண்டியது நான்தானே என்றேன். நீ குரலை உயர்த்தவில்லை. "அந்தத் தேதியை நம்பி யாரோ ஒருத்தர் மாத்திரை முழுங்குறாங்க. அதைத்தானே நாம விக்கிறோம்" என்று மட்டும் சொன்னாய்.

ஒப்பந்தம் போய்விட்டது. அடுத்த மாதத்தில் இருந்து நீ சம்பளம் எடுக்கவில்லை. என்னிடம் சொல்லக்கூட இல்லை, கணக்குப் பார்க்கிறவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான்கு மாதம். வேலையில் இருந்த மற்றவர்கள் யாருடைய சம்பளமும் ஒரு நாள்கூடத் தாமதமாகவில்லை. நீ செய்தது சரி என்று நான் உன்னிடம் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்: நீ செய்தது சரி. நான் பேசியது தவறு. அன்று நீ வளைந்திருந்தால் இன்று இந்தக் கம்பெனி பெரிதாகக்கூட இருந்திருக்கலாம், ஆனால் என்னால் இதில் இருந்திருக்க முடியாது.

நீ எழுதிக் கொடுத்த ஒப்படைப்பு ஆவணத்தை முழுக்கப் படித்தேன். எனக்குக் கோட் புரியாது என்று தெரிந்தும் எனக்காகத் தனியாக ஒரு பகுதி எழுதியிருக்கிறாய். எது உடைந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், பேக்கப்பைத் திரும்ப எடுத்துப் பார்க்காதவரை அதைப் பேக்கப் என்று நம்பாதே, எந்தப் பையனிடம் வேலையைக் கொடுத்துவிட்டுத் தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டும், யாரைத் தினமும் ஒரு முறை கேட்க வேண்டும். கடைசியில் "நான் சரியாகச் செய்யாதவை" என்று ஒரு பக்கம். பதினொரு விஷயங்கள். அதைப் படித்து முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது. டெவலப்பர்கள் எல்லாருக்கும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் அனுப்பினேன்.

இங்கே உன் வேலையை எடுத்துக்கொள்பவள் நீ பயிற்சி கொடுத்தவள். போன வாரம் ஒரு பிழை வந்தபோது அவள் முதலில் செய்தது, பாதிக்கப்பட்ட கடைகளின் பட்டியலை என்னிடம் கேட்டது. அதற்கு மேல் நான் உனக்கு என்ன சொல்ல?

நீ சும்மா இரு கொஞ்ச நாள். நன்றாகத் தூங்கு. அப்புறம் உனக்குப் பிடித்ததைச் செய், சின்னதாக, தனியாக, மீட்டிங் இல்லாமல். இங்கே ஏதாவது உடைந்தால் உன்னைக் கூப்பிட மாட்டோம். அதற்கு நான் பொறுப்பு, எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு நாள் மட்டும் விதிவிலக்கு. 2028 பிப்ரவரி 29, செவ்வாய்க்கிழமை. காலண்டரில் குறித்து வைத்துவிட்டேன். காலையில் கடைகள் திறந்து முதல் பில் போட்டதும் உனக்கு போன் செய்வேன். எடுத்துப் பேசு.

அன்புடன்,
உன் கூட்டாளி