எல்லையை இருமுறை தாண்டும் பவானி

பதினொன்றாம் வகுப்பு, அரசியல் அறிவியல்
வினா 7 (12 மதிப்பெண்)

கீழுள்ள பத்தியை நிதானமாகப் படித்துவிட்டு விடை எழுதுக.

மஞ்சூரில் தேயிலை பறிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, பவானி ஆற்றைப் பற்றி மூன்று பேரிடம் கேட்டுக் குறித்து வந்தாள். அவளுடைய தாத்தா சொன்னார்: "மழை பெய்யறது நம்ம மலை மேல. ஆறு நம்மளுதுதான்." கேரளத்தின் அட்டப்பாடியில் வாழை பயிரிடும் அவள் தோழியின் அப்பா, "எங்களுக்கு ஒதுக்குன தண்ணிய நாங்க எடுத்தா என்ன தப்பு?" என்று கேட்டார். கோபியில் நெல் போடும் சித்தப்பாவுக்கோ வேறு கவலை: "மேல தடுப்பணை கட்டிட்டா எங்க வாய்க்காலுக்கு என்னம்மா வரும்?"

பவானி நீலகிரியில் பிறந்து கேரளத்துக்குள் போய், மறுபடி தமிழ்நாட்டுக்கே திரும்பி, பவானிசாகர் வழியாகக் காவிரியில் சேர்கிறது. ஆக, இந்த ஒரே ஆற்றில் தமிழ்நாடு மேல்மடை மாநிலம். கடைமடை மாநிலமும் அதுவே. மலை உச்சியில் மேல் பவானி அணையில் தேங்கும் நீரைக் குந்தா மின் திட்டத்துக்கு எடுப்பதும் தமிழ்நாடுதான். இதை மறந்துவிட்டு விடை எழுதத் தொடங்காதீர்கள்.

1990இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் 2007இல் இறுதித் தீர்ப்பு தந்தது. தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி., கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. கேரளத்தின் 30இல் கபினிப் படுகைக்கு 21, பவானிக்கு 6, பாம்பாற்றுக்கு 3. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆக்கியது, கேரளத்தின் பங்கைத் தொடவில்லை.

அ) நீர் மாநிலப் பட்டியலின் 17ஆம் பதிவில் உள்ளது. அப்படியிருந்தும் மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் எந்தப் பதிவின்கீழ் சட்டம் இயற்றலாம்? (2)

ஆ) 2018 தீர்ப்பில் தமிழ்நாடு இழந்தது எத்தனை டி.எம்.சி.? அது யாருக்குப் போனது? நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்றை எழுதுக. (2)

இ) ஆற்றுநீர்த் தகராறுகளில் நீதிமன்றங்கள் தலையிடுவதை நாடாளுமன்றம் சட்டத்தால் தடுக்கலாம் என்கிறது அரசமைப்பின் 262ஆம் உறுப்பு. 1956ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித் தடுத்தும் இருக்கிறது. பிறகு எப்படி உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கைக் கேட்டது? 136ஆம் உறுப்பைத் துணைக்கொண்டு விளக்குக. (3)

ஈ) தாத்தா, தோழியின் அப்பா, சித்தப்பா ஆகிய மூவரில் உங்களுக்கு மிகக் குறைவாக உடன்பாடு உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள். அவருக்கு வழக்கறிஞராக நின்று நடுவர் மன்றத்தின் முன் வாதாடுங்கள். பத்தியிலுள்ள எண்களில் ஒன்றையாவது பயன்படுத்த வேண்டும். "எங்கள் மாநிலம்" என்ற சொல்லுக்கு மதிப்பெண் இல்லை, காரணத்துக்குத்தான் உண்டு. கடைசி இரண்டு வரியில், அவருடைய வாதம் எந்த இடத்தில் நிற்காது என்பதையும் நீங்களே ஒப்புக்கொண்டு எழுதுங்கள். (5)